மருத்துவமனை பில்லை வரிவரியாகச் சரிபார்த்து, எழுத்தில் கணக்குக் கேட்பது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தனியார் மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் அன்று கைக்கு வருவது பெரும்பாலும் ஒரே ஒரு தாள். அதில் 'மருந்து 23,640', 'இதரக் கட்டணம் 4,500' என்று தலைப்பும் தொகையும்தான் இருக்கும். இந்தத் தாளை வைத்துக்கொண்டு கவுண்டரில் எவ்வளவு வாதாடினாலும் பயனில்லை. எந்த வரி தவறு என்று உங்களாலும் காட்ட முடியாது, எதைத் திருத்துவது என்று அவர்களுக்கும் தெரியாது. கடைசியில் யாராவது உள்ளேயிருந்து வந்து 2,000 ரூபாய் குறைத்துக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

பில்லில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: விலை, எண்ணிக்கை. ஐசியு ஒரு நாளைக்கு 6,500 ரூபாயா, 4,000 ரூபாயா என்பதை அந்த மருத்துவமனைதான் நிர்ணயிக்கிறது. முன்கூட்டியே சொல்லப்பட்ட விலை என்றால், பின்னால் 'அதிகம்' என்று மட்டும் சொல்லி ஜெயிப்பது கடினம். ஆனால் எத்தனை நாள், எத்தனை பரிசோதனை, எத்தனை பாட்டில் என்பதற்கு அவர்களுடைய பதிவேட்டிலேயே சாட்சி இருக்கிறது. ஆகவே எண்ணிக்கையைப் பிடியுங்கள்.

முதலில் கேட்க வேண்டிய தாள்கள்

டிஸ்சார்ஜ் சொன்ன உடனேயே, பணம் கட்டுவதற்கு முன், பில்லிங் கவுண்டரில் 'விவரப் பில்' வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலான மருத்துவமனைகளின் கணினியில் தேதிவாரியான பட்டியல் ஏற்கெனவே இருக்கும். கேட்டால்தான் பிரிண்ட் எடுப்பார்கள். கூடவே மருந்தக பில்கள் அத்தனையும், திருப்பிக் கொடுத்த மருந்துக்கான ரிட்டர்ன் சிலிப், ஆய்வக அறிக்கைகள், முன்பணம் கட்டிய ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். மருந்தக பில் பல இடங்களில் வெப்பத்தாளில் அச்சாகிறது. சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும் என்பதால் அன்றைக்கே நகல் எடுத்து வைப்பது நல்லது.

இவற்றைவிட முக்கியமானது கேஸ் ஷீட்டின் நகல். மருந்து கொடுத்த அட்டவணை, சிஸ்டர்களின் குறிப்பு, டாக்டர் வந்து பார்த்து எழுதிய குறிப்பு, ஐசியு சார்ட் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. 'அதைக் கொடுக்க மாட்டோம்' என்ற பதில் வரலாம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை நெறிமுறைகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். அதனால் வாயால் கேட்காமல் இரண்டு வரியில் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, பெற்றதற்கான கையெழுத்து வாங்குங்கள். நோயாளி அல்லாதவர் கேட்பதாக இருந்தால், 'என் சார்பில் இவர் பதிவுகளைப் பெற்றுக்கொள்ளலாம்' என்று நோயாளி எழுதிக் கையெழுத்திட்ட தாளும், இருவருடைய அடையாள அட்டை நகலும் சேர்ந்தால் போதும். நகலெடுக்கும் செலவைக் கேட்டால் கொடுத்துவிடலாம்.

விவரப் பில்லே தர முடியாது என்றால் அதற்கும் சட்டம் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, சேவைக்கு உரிய முறையில் பில் தராததை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. அந்தப் பில்லில் வரிசை எண், தேதி, நுகர்வோர் பெயர், பொருள் அல்லது சேவையின் விவரம், பொருளாக இருந்தால் அதன் அளவு, பொறுப்பானவர் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு பொது விதிகளில் 5-ஆம் விதி சொல்கிறது. 'மருந்து 23,640' என்ற ஒற்றை வரி இதற்குப் பொருந்தாது. கடிதத்தில் இந்த விதி எண்ணைக் குறிப்பிட்டால் போதும், சட்டப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

மழைக்காலத்தில் இங்கே அதிகம் பார்க்கும் டெங்கு அட்மிஷன் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பாலக்கோட்டிலிருந்து வந்த பெண் திங்கள் இரவு 9 மணிக்கு வார்டில் சேர்கிறார். செவ்வாய் இரவு 11 மணிக்கு ஐசியு. வியாழன் மாலை 4 மணிக்கு மறுபடி வார்டு. சனிக்கிழமை பகல் 12 மணிக்கு டிஸ்சார்ஜ். பில் இப்படி வருகிறது:

வார்டு 6 நாள் × 1,800 = 10,800
ஐசியு 3 நாள் × 6,500 = 19,500
நர்சிங் 6 × 600 = 3,600
மானிட்டர் 3 × 1,000 = 3,000
ரத்த அணுப் பரிசோதனை (சிபிசி) 13 × 350 = 4,550
மற்ற பரிசோதனைகள் 6,200
டாக்டர் விசிட் 14 × 700 = 9,800
மருந்து 23,640
இதரக் கட்டணம் 4,500
மொத்தம் 85,590

முதலில் பார்க்க வேண்டியது படுக்கைக் கணக்கு. தவறு அதிகம் நேருவதும், பெரிய தொகையாக இருப்பதும் இங்கேதான். வார்டு 6, ஐசியு 3, ஆக 9 நாள். ஆனால் அவர் மருத்துவமனையில் இருந்ததே 4 நாள் 15 மணி நேரம். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு படுக்கையில் இருக்க முடியாது. ஐசியுவுக்கு மாற்றியபோது வார்டுப் படுக்கையைக் கணினியில் மூடாமல் விட்டதால் இரண்டும் சேர்ந்து ஓடியிருக்கிறது. படுக்கையை 'வெகேட்' செய்யாமல் விடுவது பல இடங்களில் நடக்கிற தவறு.

இதைச் சொன்னால், 'எங்கள் கணக்கு 24 மணி நேரக் கணக்கு இல்லை, தேதிக் கணக்கு' என்று பதில் வரலாம். அதனால் இரண்டு வழியிலும் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரக் கணக்கில் மொத்தம் 5 நாள்: ஐசியுவில் இருந்த 41 மணி நேரத்துக்கு 2 நாள், மீதி வார்டு 3 நாள். 13,000 + 5,400 = 18,400. போட்டிருப்பது 30,300, கூடுதல் 11,900. தேதிக் கணக்கிலேயே போனாலும் திங்கள் முதல் சனி வரை 6 தேதிகள்தான். செவ்வாய், புதன், வியாழன் மூன்றையும் ஐசியுவுக்கே கொடுத்துவிட்டாலும் 19,500 + 5,400 = 24,900. அப்போதும் 5,400 கூடுதல். ஆக எந்த விதியைக் காட்டினாலும் 9 நாள் என்பது நிற்காது. 'உங்கள் விதி எது என்பதை எழுத்தில் தாருங்கள்' என்று கேட்பது இதற்காகத்தான்.

அடுத்து பரிசோதனை. டெங்குவில் தட்டணுவும் ரத்தத்தின் அடர்த்தியும் மணிக்கணக்கில் மாறும் என்பதால் சிபிசி ஒரே நாளில் இரண்டு, மூன்று முறை எடுப்பதில் தவறில்லை. 'ஏன் இவ்வளவு எடுத்தீர்கள்' என்று கேட்காதீர்கள், அது சிகிச்சையைப் பற்றிய கேள்வி. எடுத்ததற்கு அறிக்கை இருக்கிறதா என்பதுதான் பில் கேள்வி. ஒவ்வொரு அறிக்கையிலும் மாதிரி எடுத்த தேதியும் நேரமும் இருக்கும். வரிசையாக அடுக்கி எண்ணினால் இங்கே 9தான் இருக்கிறது. 4 × 350 = 1,400 ரூபாய்க்கு அறிக்கை இல்லை.

டாக்டர் விசிட்டையும் இதே போல கேஸ் ஷீட்டில் எண்ணுங்கள். ஒவ்வொரு முறை பார்த்ததற்கும் நேரத்தோடு ஒரு குறிப்பு இருக்க வேண்டும். இங்கே 10 குறிப்புகள், பில்லில் 14 விசிட். 2,800 ரூபாய் வித்தியாசம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு எழுதாமல் போயிருக்கவும் வாய்ப்புண்டு. எனவே 'வராமலே பணம் வாங்கினீர்கள்' என்று எழுதாமல், 'குறிப்பு 10தான் உள்ளது, மீதி 4 விசிட்டின் தேதியும் நேரமும் தேவை' என்று எழுதுங்கள்.

மருந்துக் கணக்குதான் நேரம் பிடிக்கும். எல்லா மருந்தையும் சரிபார்க்க முயன்றால் பாதியில் அலுத்துவிடும். அதிக எண்ணிக்கையில் வந்திருக்கும் நான்கைந்து பொருள்களை மட்டும் எடுங்கள். டெங்கு நோயாளிக்கு எவ்வளவு திரவம் ஏறியது என்பதை மணிவாரியாக எழுதி வைப்பார்கள், அதனால் டிரிப்ஸ் பாட்டில் கணக்கு தெளிவாகக் கிடைக்கும். இந்தப் பில்லில் 500 மில்லி பாட்டில் 30. சார்ட்டில் ஏறியது 22. 8 × 70 = 560. வயிற்றுப் புண்ணைத் தடுக்கப் போடும் பேன்டோபிரசோல் ஊசி 18, மருந்து அட்டவணையில் போட்டதாகக் கையெழுத்து 9. 9 × 50 = 450. திறந்து பாதியில் நிறுத்திய பாட்டிலும் செலவானதுதான், அதைக் கழிக்கக் கூடாது. திறக்காத பொருள்கள் வார்டிலிருந்து மருந்தகத்துக்குத் திரும்பிப் போயிருந்தால் ரிட்டர்ன் சிலிப் இருக்கும், ஆனால் அந்தத் தொகை இறுதிப் பில்லில் கழியாமல் விட்டுப்போயிருக்கலாம். அதைத் தேடுங்கள்.

மருந்தின் விலையைப் பொறுத்தவரை, அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு பைசா வாங்கினாலும் ஆட்சேபிக்கலாம். 'இதே மருந்து வெளியில் பாதி விலைக்குக் கிடைக்கிறது' என்பது உண்மையாக இருந்தாலும் பில்லைத் திருத்த வைக்கும் வாதமாக நிற்காது. மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்த மருந்தா என்பதை தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் செயலியில் பார்க்கலாம்.

ஜிஎஸ்டியையும் ஒரு பார்வை பாருங்கள். 2022 ஜூலை 18 முதல், ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள அறைக்கு 5 சதவீதம் வரி உண்டு. ஐசியுவுக்கு அது கிடையாது. 1,800 ரூபாய் வார்டுக்கோ, ஐசியுவுக்கோ வரி போட்டிருந்தால் அது தவறு.

மீதி இருப்பது நர்சிங் 3,600, மானிட்டர் 3,000, இதரம் 4,500. இவை தவறு என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. ஐசியு கட்டணத்துக்குள்ளேயே மானிட்டரும் நர்சிங்கும் அடங்குமா என்பது அவர்களுடைய கட்டணப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். எனவே இந்த 11,100 ரூபாய்க்கு விளக்கம் மட்டும் கேட்க வேண்டும். ஆதாரத்தோடு ஆட்சேபிப்பது 11,900 + 1,400 + 2,800 + 560 + 450 = 17,110. ஆட்சேபணையே இல்லாத தொகை 57,380. இந்த மூன்றையும் கலக்காமல் வைப்பதுதான் கடிதத்தின் பலம். சந்தேகத்தைக் குற்றச்சாட்டாக எழுதிவிட்டால், அது ஒன்று பொய்த்ததும் மற்ற ஆதாரங்களையும் ஒதுக்கிவிடுவார்கள்.

பணம் கட்டும் நேரத்தில்

'முழுப் பணமும் கட்டினால்தான் அனுப்புவோம்' என்று சொன்னால், முதலில் ஆட்சேபணை இல்லாத தொகையைக் கட்டுகிறோம், மீதிக்கு எழுத்தில் பதில் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், நோயாளியின் உடம்பை மனதில் வைத்து முழுவதையும் கட்டிவிடுவதே பலருக்கும் நடைமுறை. கட்டியதால் உரிமை போய்விடாது. ஆனால் பில்லின் மருத்துவமனைப் பிரதியில், கையெழுத்துக்கு மேலே, 'ஆட்சேபணையுடன் செலுத்தப்பட்டது, விவரம் எழுத்தில் கோரப்பட்டுள்ளது' என்று எழுதுங்கள். எழுத விடவில்லை என்றால் யுபிஐயில் கட்டும்போது குறிப்பு இடத்தில் அதையே சுருக்கமாகப் போட்டு, அன்றைக்கே மருத்துவமனையின் மின்னஞ்சலுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். ரசீது இல்லாத ரொக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

'பில் தொகையில் எந்த ஆட்சேபமும் இல்லை' என்று அச்சிட்ட தாள் டிஸ்சார்ஜ் தாள்களோடு சேர்ந்து வரலாம். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பமிடலாம்.

பில் பாக்கி என்பது சிவில் விவகாரம். அதற்காக நோயாளியை வெளியே விடாமல் வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவு சொல்லும் சட்டவிரோத அடைத்துவைப்பாகும். அந்த நிலை வந்தால் 112-ஐ அழையுங்கள்.

கடிதம்

கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். சிகிச்சை சரியில்லை, சிஸ்டர் மரியாதையாகப் பேசவில்லை போன்ற குறைகள் இருந்தால் அவற்றுக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். இங்கே சேர்த்தால் பதில் முழுக்க அதைப் பற்றியே வரும், கணக்கு அப்படியே நின்றுவிடும்.

> பெறுநர்: நிர்வாக மேலாளர், ______ மருத்துவமனை, தர்மபுரி.
>
> பொருள்: உள்நோயாளி எண் ____, பில் எண் ____, நாள் ____ – விவரக் கணக்கு எழுத்தில் கோருதலும், சில தொகைகளுக்கு ஆட்சேபணையும்.
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> என் மனைவி திருமதி ____ தங்கள் மருத்துவமனையில் திங்கள் இரவு 9 மணி முதல் சனி பகல் 12 மணி வரை சிகிச்சை பெற்றார். ரூ.85,590 ஆட்சேபணையுடன் செலுத்தப்பட்டது. பில்லைக் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டதில் கீழ்க்கண்டவை பொருந்தவில்லை.
>
> 1. படுக்கை: வார்டு 6, ஐசியு 3 என 9 நாள் கணக்கிடப்பட்டுள்ளது. ஐசியுவில் இருந்தது செவ்வாய் இரவு 11 முதல் வியாழன் மாலை 4 வரை. 24 மணி நேரக் கணக்கில் கூடுதல் ரூ.11,900, தேதிக் கணக்கில் குறைந்தது ரூ.5,400. தாங்கள் பின்பற்றும் விதியைத் தெரிவிக்கவும்.
> 2. சிபிசி: பில்லில் 13, அறிக்கை 9. வித்தியாசம் ரூ.1,400.
> 3. டாக்டர் விசிட்: பில்லில் 14, குறிப்பு 10. வித்தியாசம் ரூ.2,800. மீதி 4 விசிட்டின் தேதி, நேரம் தேவை.
> 4. மருந்து: 500 மில்லி திரவம் பில்லில் 30, சார்ட்டில் 22 (ரூ.560). பேன்டோபிரசோல் ஊசி பில்லில் 18, அட்டவணையில் 9 (ரூ.450).
>
> மேலும் நர்சிங் ரூ.3,600, மானிட்டர் ரூ.3,000, இதரம் ரூ.4,500 ஆகியவற்றில் என்னென்ன அடங்கும், ஐசியு கட்டணத்தில் அவை சேர்ந்துள்ளனவா என்பதைக் கட்டணப் பட்டியலின் நகலுடன் விளக்கவும்.
>
> நுகர்வோர் பாதுகாப்பு (பொது) விதிகள் 2020, விதி 5-இன்படி கையெழுத்திட்ட விவரப் பில்லை, தேதி, எண்ணிக்கை, ஒரு அலகின் விலை ஆகியவற்றுடன் 15 நாட்களுக்குள் தருமாறும், கூடுதலாகப் பெற்ற தொகையைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இணைப்பு: பில், அறிக்கைகள், கேஸ் ஷீட் தொடர்புடைய பக்கங்கள் (நகல்கள்).

கிழமைகளுக்குப் பக்கத்தில் தேதியையும் எழுதுங்கள். மூலத் தாள் எதையும் கொடுக்காதீர்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்க வேண்டும். மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ரசீதில் உள்ள எண்ணை வைத்து, சேர்ந்த தேதியை இணையத்தில் பார்த்து அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். மருந்தகம் வேறு நிறுவனப் பெயரில் பில் போட்டிருந்தால், 4-ஆவது பகுதியை அந்தப் பெயருக்கும் தனியாக அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் 'மருந்து எங்கள் கணக்கில் வராது' என்ற பதில் வரும்.

பதில் வந்தால், வராவிட்டால்

பெரும்பாலும் தொலைபேசியில்தான் கூப்பிடுவார்கள். 'வாங்க சார், பேசி 10,000 குறைச்சுக்கலாம்' என்பார்கள். போகலாம். ஆனால் அந்தத் தொகை 'தள்ளுபடி' என்று வராமல், திருத்திய பில்லாக வர வேண்டும் என்று கேளுங்கள். குறிப்பாகக் காப்பீட்டில் பணம் கோரியிருந்தால் இது அவசியம். தேதிக் கணக்குதான் தங்கள் விதி என்று எழுத்தில் காட்டிவிட்டால், ஆட்சேபணைத் தொகை 17,110-இலிருந்து 10,610 ஆகக் குறையும். அதை ஏற்றுக்கொள்வது நியாயம்.

15 நாளில் ஒன்றும் வரவில்லை என்றால், தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்யும் சட்டத்தின்கீழ் (1997) மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்குக் கடித நகலுடன் புகார் கொடுக்கலாம். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால், ரசீது எண்ணோடு அது உரிய துறைக்குப் போகும். மருந்தில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கியிருந்தால் மருந்து ஆய்வாளர். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி பெற்ற சிகிச்சைக்குத் தனியாகப் பணம் வாங்கியிருந்தால் இந்த வழியெல்லாம் சுற்ற வேண்டாம், நேராக 1800 425 3993.

இவர்கள் விசாரிப்பார்கள், விளக்கம் கேட்பார்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவிடும் இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம், சில மருத்துவமனைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கிவருவதுண்டு. ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. e-jagriti.gov.in தளத்திலும் தாக்கல் செய்யலாம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்தவர்கள் பெங்களூரு மருத்துவமனைக்குப் போவது வழக்கம். அங்கே தமிழ்நாட்டு இணை இயக்குநருக்கு அதிகாரமில்லை, கர்நாடகத்தின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம்தான் பொருந்தும். ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. பெங்களூரு பில்லாக இருந்தாலும், வசிப்பிடச் சான்றாக ஆதார் நகலை இணைத்துக் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே புகாரைக் கொடுக்கலாம்.